எட்டுப் பேருக்கு ஒரே கையிருப்பு

ஆட்டோ பேட்லர் விளையாட்டுகளில் ஆடுபவர் சண்டை போடுவதில்லை. வீரர்களை விலைக்கு வாங்கிக் கட்டங்களில் நிறுத்துவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது. சண்டை தொடங்கியதும் அந்த வீரர்கள் தாங்களாகவே அடித்துக்கொள்வார்கள். ஆடுபவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். முதல்முறை பார்ப்பவருக்கு இதில் என்ன விளையாட்டு இருக்கிறது என்ற கேள்வி வரும். விளையாட்டு முழுவதும் சண்டைக்கு முன்னால் இருக்கும் அந்த அரை நிமிடக் கடைத்தெருவில் நடக்கிறது. எந்த வீரரை வாங்குவது, யாரை விடுவது, யாரோடு யாரைச் சேர்ப்பது, எப்போது காசைச் சேமிப்பது என்ற முடிவுகள்தான் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கின்றன.

இந்த முடிவுகளைச் சுவையாக்குவது இரண்டு விதிகள். குறிப்பிட்ட வீரர்களைச் சேர்த்து நிறுத்தினால் அணிக்குக் கூடுதல் பலம் கிடைக்கும் என்பது ஒன்று. ஆடுபவர்கள் இதை சினர்ஜி என்பார்கள். கூட்டுப் பலன் என்று சொல்லலாம். ஒரே ஆட்டத்தில் இருக்கும் எட்டுப் பேரும் ஒரே பொதுக் கையிருப்பிலிருந்துதான் வீரர்களை வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் விதி எல்லோரையும் ஒரே வீரர்களை நோக்கி இழுக்கிறது. இரண்டாவது விதி அங்கே போனவர்களைத் தண்டிக்கிறது. இந்த இழுபறி எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிட்டால், வெளியே பொம்மைச் சண்டைபோலத் தெரியும் இந்த விளையாட்டு எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எங்கிருந்து வந்தது

2019 ஜனவரியில் சீனாவைச் சேர்ந்த ட்ரோடோ ஸ்டூடியோ என்ற சிறிய குழு, டோட்டா 2 விளையாட்டுக்குள் ஆடக்கூடிய ஒரு மாற்று வடிவத்தை வெளியிட்டது. அதன் பெயர் டோட்டா ஆட்டோ செஸ். சில மாதங்களுக்குள் அது உலகம் முழுவதும் பரவியது. அதே ஆண்டு ஜூனில் ரயட் கேம்ஸ் நிறுவனம் டீம்ஃபைட் டாக்டிக்ஸ் என்ற தன் வடிவத்தைக் கொண்டுவந்தது. வால்வ் நிறுவனம் டோட்டா அண்டர்லார்ட்ஸ் வெளியிட்டதும் அதே ஜூனில்தான். நவம்பரில் பிளிசார்ட் நிறுவனத்தின் ஹார்த்ஸ்டோன் பேட்டில்கிரவுண்ட்ஸ் வந்தது. ஒரே ஆண்டில் ஒரு புதிய விளையாட்டு வகை பிறந்து, வளர்ந்து, பெரிய நிறுவனங்களின் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெயரில் செஸ் இருந்தாலும் சதுரங்கத்துக்கும் இதற்கும் உள்ள உறவு கட்டங்கள் வரைந்த பலகையோடு முடிந்துவிடுகிறது. உண்மையான மூதாதை சீனர்களின் மாஜோங். அதில் 34 வகை வில்லைகள், ஒவ்வொரு வகையிலும் 4 வில்லைகள். நான்கு பேரும் அதே குவியலிலிருந்துதான் எடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். நீங்கள் எதிர்பார்க்கும் வில்லையில் மூன்று ஏற்கெனவே மேசையில் கிடந்தால், மிச்சம் ஒன்றுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் வீடுகளில் ரம்மி ஆடியவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. கையில் இரண்டு ஏழை வைத்துக்கொண்டு மூன்றாவதற்குக் காத்திருப்பவர், எதிராளி எடுத்த ஏழையும் இறக்கிய ஏழையும் எண்ணாமல் இருக்க மாட்டார். ஆட்டோ பேட்லர் இந்தக் கணக்கை எட்டுப் பேருக்கு விரித்து, அதோடு காசையும் சண்டையையும் சேர்த்திருக்கிறது.

ஆட்டத்தின் ஓட்டம்

இனி டீம்ஃபைட் டாக்டிக்ஸை எடுத்துக்கொண்டு பேசுவோம். இந்த வகையில் இன்று அதிகம் ஆடப்படுபவற்றில் அதுவும் ஒன்று, கைபேசியிலும் கிடைக்கிறது. ஆட்டத்தில் எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 100 உயிர்ப்புள்ளிகள். பெரும்பாலான சுற்றுகளில் மற்ற ஏழு பேரில் ஒருவரின் அணியோடு உங்கள் அணி மோதும். தோற்றால் புள்ளிகள் குறையும். பூஜ்யத்துக்கு வந்தவர் வெளியேறுவார். கடைசி வரை நிற்பவருக்கு முதலிடம். தரவரிசைப் போட்டியில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தாலே புள்ளி ஏறும் என்பதால், முதலிடம் கிடைக்காவிட்டாலும் நான்குக்குள் நிற்பது முக்கியம்.

ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கடையில் ஐந்து வீரர்கள் வந்து நிற்பார்கள். அவர்களின் விலை 1 காசிலிருந்து 5 காசு வரை. பிடிக்கவில்லை என்றால் 2 காசு கொடுத்து ஐந்து பேரையும் மாற்றலாம். இதை ரோல் செய்வது என்பார்கள். இன்னொரு வழியில் 4 காசு கொடுத்து அனுபவப் புள்ளி வாங்கி உங்கள் நிலையை உயர்த்தலாம். எத்தனையாவது நிலையில் இருக்கிறீர்களோ, அத்தனை வீரர்களைத்தான் களத்தில் இறக்க முடியும். ஆறாம் நிலையில் ஆறு பேர், எட்டாம் நிலையில் எட்டுப் பேர். நிலை உயர உயர விலை கூடிய வீரர்கள் கடையில் வரும் வாய்ப்பும் கூடும். செலவு செய்யாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு 10 காசுக்கும் சுற்றுக்கு 1 காசு வட்டி, அதிகபட்சம் 5. அதனால் கையில் 50 காசு வைத்துக்கொண்டு வட்டியில் வாழ்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

ஒரே வீரரின் மூன்று பிரதிகள் சேர்ந்தால் அவர் இரண்டு நட்சத்திர வீரராகிவிடுவார். அப்படி மூன்று இரண்டு நட்சத்திரங்கள் சேர்ந்தால், அதாவது மொத்தம் ஒன்பது பிரதிகள் வாங்கினால், மூன்று நட்சத்திரம். ஒவ்வொரு படியிலும் உயிரும் அடியும் வெகுவாக ஏறும். இந்த ஒன்பது என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதைச் சுற்றித்தான்.

கூட்டுப் பலன் எப்படிக் கட்டப்படுகிறது

பெரும்பாலும் ஒவ்வொரு வீரருக்கும் குறைந்தது இரண்டு அடையாளங்கள் இருக்கும். அவர் எங்கிருந்து வந்தவர் என்ற பூர்வீகம் ஒன்று, அவர் எப்படிச் சண்டை போடுவார் என்ற தொழில் ஒன்று. ஒரே அடையாளம் கொண்ட வெவ்வேறு வீரர்களைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் களத்தில் நிறுத்தினால் கூட்டுப் பலன் உயிர் பெறும். வெவ்வேறு வீரர்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே வீரரின் இரண்டு பிரதிகளை நிறுத்தினால் எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் சேரும்.

டீம்ஃபைட் டாக்டிக்ஸின் முதல் தொகுப்பில் இருந்த நோபிள் என்ற பூர்வீகத்தைப் பார்த்தால் இது தெளிவாகும். நோபிள்கள் மொத்தம் ஆறே பேர். கேரன், ஃபியோரா, வெய்ன் மூவரும் தலா 1 காசு. லூசியன் 2 காசு. லியோனா 4 காசு. கேல் 5 காசு. மூன்று நோபிள்கள் களத்தில் இருந்தால், அணியில் ஏதோ ஒருவருக்குக் கவசம் கூடும். அவர் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் அவர் உயிர் கொஞ்சம் திரும்பி வரும். ஆறு நோபிள்களும் இருந்தால் அதே பலன் அணியில் இருக்கும் எல்லோருக்கும் கிடைக்கும்.

மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவே என்ன? ஒன்றுமில்லை. நான்கு நோபிள் வைத்தாலும் ஐந்து வைத்தாலும் மூன்றுக்குக் கிடைப்பதுதான் கிடைக்கும். இந்தப் படிக்கட்டு அமைப்பில்தான் வடிவமைப்பாளரின் கைவேலை இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் கூடியிருந்தால், கிடைத்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டு போகலாம், யோசிக்கவே வேண்டாம். படிக்கட்டு வைத்ததும் ஆடுபவர் ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மூன்றோடு நின்றுவிட்டு மற்ற இடங்களில் வேறு கூட்டணி கட்டுவதா, இடையில் இரண்டு இடங்களைப் பலனில்லாமல் தாங்கிக்கொண்டு ஆறுக்கு ஏறுவதா?

அந்த இடையிலிருக்கும் இடங்கள் வீணாகாமல் இருப்பதற்காகத்தான் ஒவ்வொருவருக்கும் இரண்டு அடையாளங்கள். கேரனும் கேலும் நோபிள்கள் மட்டுமல்ல, நைட்களும்கூட. இரண்டு நைட் சேர்ந்தாலே நைட்கள் மேல் விழும் ஒவ்வொரு அடியின் வேகமும் குறையும். வெய்ன் ஒரு ரேஞ்சர். லியோனா ஒரு கார்டியன். எட்டாம் நிலைக்கு வந்து, ஆறு நோபிள்களோடு ஆஷ், பிரோம் என்ற இருவரைச் சேர்த்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஆஷ் ஒரு ரேஞ்சர். வெய்னோடு சேர்ந்து ரேஞ்சர் பலன் திறக்கும். பிரோம் ஒரு கார்டியன். லியோனாவோடு சேர்ந்து கார்டியன் பலன் திறக்கும். ஆஷ், பிரோம் இருவருக்கும் கிளேசியல் என்ற ஒரே பூர்வீகம்; எதிரியை உறையவைக்கும் அந்தப் பலனும் இருவர் இருந்தாலே திறந்துவிடும். கேரனும் கேலும் ஏற்கெனவே நைட் பலனைத் திறந்துவிட்டார்கள். ஆக எட்டே வீரர்களில் நோபிள், நைட், ரேஞ்சர், கார்டியன், கிளேசியல் என ஐந்து கூட்டுப் பலன்கள்.

நல்ல ஆட்டக்காரர் இப்படித்தான் அணியைப் பார்ப்பார். இந்த வீரர் எவ்வளவு பலசாலி என்பதைவிட, இவர் உள்ளே வந்தால் எத்தனை பாதி முடிந்த கூட்டணிகள் நிறைவாகும் என்பதுதான் அவர் கேட்கும் கேள்வி. களத்தில் இடம் எட்டோ ஒன்பதோதான் என்பதால், இரண்டு கூட்டணிக்கு ஒரே நேரத்தில் உதவும் வீரரின் மதிப்பு அவருடைய விலையைவிட அதிகம்.

விலை மலிவு, கிடைப்பது அரிது

அந்த ஆறு நோபிள்களையும் ஒவ்வொரு பிரதி வாங்க மொத்தம் 14 காசுதான். ஒன்றரைச் சுற்றின் வருமானம். ஆனாலும் ஆறு நோபிள் அணியைக் கட்டி முடிப்பது கடினமாக இருந்தது. காரணம் கேல். 5 காசு வீரர்கள் கீழ்நிலைகளில் கடைக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் ஆட்டம் முழுவதற்கும் கேல் இருந்தது 10 பிரதிகள் மட்டுமே. கூட்டாளிகளை எந்த அடியும் தொடாதபடி சில நொடிகள் காக்கும் திறமை அவருக்கு இருந்ததால், நோபிள் அணி கட்டாதவர்களுக்கும் அவர் தேவைப்பட்டார். மூன்று பேர் ஆளுக்கொரு இரண்டு நட்சத்திரக் கேல் செய்துவிட்டால் 9 பிரதிகள் போய்விடும். ஐந்து நோபிள்களோடு காத்திருப்பவருக்கு மொத்த ஆட்டத்திலும் மிஞ்சுவது ஒரே ஒரு கேல்.

இங்கேதான் இரண்டாவது விதி உள்ளே வருகிறது. கடையில் தோன்றும் ஐந்து முகங்களும் வெறும் பகடை உருட்டலில் வருவதில்லை. முதலில் உங்கள் நிலைக்கான விகிதப்படி அந்த இடத்தில் எத்தனை காசு வீரர் வர வேண்டும் என்பது தீர்மானமாகும். அதன்பிறகு அந்த விலையில் பொதுக் கையிருப்பில் மிச்சமிருக்கும் பிரதிகளிலிருந்து ஒன்று எடுக்கப்படும். மற்றவர்கள் வாங்கியவை அந்தக் கையிருப்பில் இருக்காது. ஒருவர் தன் வீரரை விற்றால் பிரதிகள் திரும்ப வரும். இரண்டு நட்சத்திர வீரரை விற்றால் மூன்று பிரதிகள், மூன்று நட்சத்திரமென்றால் ஒன்பது. ஒருவர் ஆட்டத்திலிருந்து வெளியேறினால் அவரிடமிருந்த எல்லா வீரர்களும் கையிருப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஒவ்வொரு வீரருக்கும் எத்தனை பிரதிகள் என்பதை ரயட் நிறுவனம் தொகுப்புக்குத் தொகுப்பு மாற்றிக்கொண்டிருக்கிறது. பல தொகுப்புகளில் நடைமுறையில் இருந்த கணக்கு இது: 1 காசு வீரர் ஒவ்வொருவருக்கும் 29 பிரதிகள், 2 காசுக்கு 22, 3 காசுக்கு 18, 4 காசுக்கு 12, 5 காசுக்கு 10.

இந்த எண்களை ஒன்பது என்ற எண்ணோடு வைத்துப் பாருங்கள். 1 காசு வீரரை மூன்று பேர் மூன்று நட்சத்திரமாக்கலாம். 27 போக இரண்டு மிஞ்சும். 3 காசு வீரரை இரண்டு பேர் ஆக்கலாம், ஒன்றும் மிஞ்சாது. 4 காசு வீரரை ஒருவர் மட்டுமே ஆக்க முடியும். அதுவும் மற்ற ஏழு பேரிடமும் சேர்த்து நான்கு பிரதிகள் இருந்துவிட்டால், மிச்சம் எட்டுதான். எவ்வளவு காசு கொட்டினாலும் ஒன்பதாவது வராது. 5 காசு வீரருக்கோ மற்றவர்கள் கையில் இரண்டு இருந்தாலே கதை முடிந்தது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கையிருப்பு பொதுவானது என்பதன் அழுத்தம் ஒரு உதாரணக் கணக்கில்தான் தெரியும். நீங்கள் ஏழாம் நிலையில் இருக்கிறீர்கள். ஒரு 3 காசு வீரரின் ஐந்து பிரதிகள் உங்களிடம் உள்ளன. இன்னும் நான்கு கிடைத்தால் மூன்று நட்சத்திரம். ஏழாம் நிலையில் கடையின் ஒவ்வொரு இடத்திலும் 3 காசு வீரர் வரும் வாய்ப்பு 35 சதவீதம் என்றும், 3 காசில் 13 வகை வீரர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பல தொகுப்புகளில் இருந்த கணக்குதான் இது. 13 வகைக்கும் தலா 18 பிரதி என்றால் மொத்தம் 234. அதில் எட்டுப் பேரும் சேர்ந்து 54 வாங்கிவிட்டார்கள். மிச்சம் 180.

முதலில், அந்த வீரரை உங்களைத் தவிர வேறு யாரும் தொடவில்லை என்று கொள்வோம். 18இல் உங்களிடம் 5 போக 13 பிரதிகள் கையிருப்பில் உள்ளன. ஒரு இடத்தில் அவர் வரும் வாய்ப்பு, 180இல் 13 பங்கு, அதில் 35 சதவீதம்; சுமார் இரண்டரை சதவீதம். கடையில் ஐந்து இடம் என்பதால் ஒரு ரோலில் அவர் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம். எட்டு ரோலுக்கு ஒருமுறை வருவார் என்று சொல்லலாம்.

இப்போது வேறு இரண்டு பேரும் அதே வீரரை ஆளுக்கு நான்கு வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். உங்கள் ஐந்தும் அவர்களின் எட்டும் சேர்ந்து 13 போய்விட்டன. மிச்சம் ஐந்தே. ஒரு ரோலில் அவர் வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இருபது ரோலுக்கு ஒருமுறை.

ஒரு பிரதியோடு கதை முடிவதில்லை. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் மிச்சம் குறைவதால் அடுத்தது இன்னும் கடினமாகும். 13 பிரதிகளிலிருந்து நான்கு எடுக்கும்போது இந்தக் குறைவு பெரிதாகத் தெரியாது. ஐந்திலிருந்து நான்கு எடுக்கும்போது ஒவ்வொரு அடியும் சறுக்கும். நான்காவது பிரதிக்கு மட்டும் சராசரியாக 50 ரோல் தேவைப்படுகிறது. மொத்தத்தையும் கூட்டினால், போட்டியில்லாதபோது நான்கு பிரதிகளையும் பார்க்க ரோலுக்கு ஆகும் செலவு சராசரியாக 72 காசு. போட்டியிருக்கும்போது சுமார் 260 காசு. அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு காசு வருமானம் வரும் ஆட்டத்தில் 72 காசு என்பது பொறுமையாகச் சேர்த்தால் எட்டக்கூடிய தொகை. 260 காசு சேர்வதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

இவை சராசரிகள். அதிர்ஷ்டம் இருந்தால் ஒருவருக்கு முதல் ரோலிலேயே இரண்டு பிரதிகள் வரலாம். ஆனால் மூன்று பேரும் பிடிவாதமாக நின்றால் என்ன நடக்கும் என்பதை அதிர்ஷ்டத்தால்கூட மாற்ற முடியாது. மிச்சம் ஐந்து பிரதிகள். உங்களுக்கு நான்கு வேண்டும். மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஐந்து. மூவரில் ஒருவருக்கு மேல் முடிக்கவே இயலாது. எதிராளிகள் இருவரும் ஆளுக்கு ஒரே ஒரு பிரதியை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்று. அதன்பிறகு யாராவது விற்கும்வரையோ வெளியேறும்வரையோ ஒருவராலும் முடியாது. மூன்று பேரும் காசைக் கரைத்துவிட்டு, முடியாத அணியோடு ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது இடங்களில் போய் நிற்பார்கள். ஆட்டக்காரர்கள் இதை கான்டெஸ்ட் என்று அழைக்கிறார்கள். தொடர்ந்து ஆடுகிறவர்கள் பயப்படுவது எதிரியின் பலத்தைவிட இதற்குத்தான்.

எண்ணத் தெரிந்தவருக்கு உதவும் விதி

பொதுக் கையிருப்பில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. எதிராளிகளின் களத்தையும், அவர்கள் ஓரத்தில் காத்திருக்க வைத்திருக்கும் ஒன்பது இடங்கள் கொண்ட பெஞ்சையும் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். இதை ஸ்கவுட் செய்வது என்பார்கள். காசைச் செலவழிப்பதற்கு முன் ஏழு பேரின் பலகையையும் ஒரு சுற்று பார்த்து, தனக்கு வேண்டிய வீரர் எங்கெங்கே இருக்கிறார் என்று எண்ணுவதற்கு அரை நிமிடம் போதும். இரண்டு நட்சத்திரத்தை மூன்றாக எண்ண வேண்டும் என்பதுதான் புதியவர்கள் மறக்கும் விஷயம். பலகையில் ஒரு உருவம் தெரியும். கையிருப்பிலிருந்து போனது மூன்று.

எண்ணாதவர் தன் நிலைமையைத் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார். முப்பது காசுக்கு ரோல் செய்தும் ஒரு பிரதிகூட வராதபோது அதிர்ஷ்டத்தைத் திட்டுகிறார். பெரும்பாலும் காரணம் இன்னொருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

கணக்கின் மறுபக்கமும் உண்டு. உங்கள் வீரரை யாரும் தொடாமல், அதே விலையில் உள்ள மற்ற வீரர்களை எல்லோரும் வாங்கிக் குவித்தால், கையிருப்பின் மொத்த எண்ணிக்கை சுருங்கும். உங்கள் வீரரின் பங்கு பெரிதாகும். மேலே பார்த்த 180 என்பது 120 ஆகிவிட்டால், அதே 13 பிரதிகள் இன்னும் அடிக்கடி கடைக்கு வரும். யாருக்கும் வேண்டாத அணியைத் தேர்ந்தவருக்கு மற்றவர்களின் பரபரப்பே உதவி செய்கிறது. சில அனுபவசாலிகள் தமக்குத் தேவைப்படாத வீரர்களையும் வாங்கிச் சில சுற்றுகள் பெஞ்சில் அடைத்து வைப்பதற்கு இரண்டு காரணங்கள்: எதிராளிக்குக் கிடைக்காமல் தடுப்பது, கையிருப்பைச் சுருக்குவது. இதற்கும் எல்லை உண்டு. பெஞ்சில் ஒன்பது இடம்தான். அங்கே முடங்கும் காசுக்கு வட்டி வராது.

இதனால்தான் இந்த வகை விளையாட்டில் மிகச் சிறந்த அணி என்று நிரந்தரமாக ஒன்றும் நிலைப்பதில்லை. ஓர் அணி வலிமையானது என்ற செய்தி பரவியதும் எட்டில் மூன்று நான்கு பேர் அதற்குப் பாய்வார்கள். கையிருப்பு வற்றும். அந்த அணியைக் கட்டியவர்களின் சராசரி இடம் கீழே இறங்கும். ஓரளவே வலிமையான, ஆனால் யாரும் சீண்டாத இன்னொரு அணி அவர்களைத் தாண்டிப் போகும். வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு அணியையும் துல்லியமாகச் சமன் செய்ய முடியாத இடத்தில், அந்த வேலையில் ஒரு பகுதியைப் பொதுக் கையிருப்பு தானாகச் செய்துவிடுகிறது. முழுவதையும் அது செய்யாது. 1 காசு வீரர்களை நம்பிய அணி அளவுக்கு மீறி வலுவாக இருந்தால், 29 பிரதிகளை மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டும் மூவருமே முன்னிலையில் வந்துவிட முடியும். அப்போது நிறுவனம் வீரரின் பலத்தையோ பிரதிகளின் எண்ணிக்கையையோ கைவைத்தாக வேண்டும்.

மற்ற விளையாட்டுகள் என்ன செய்தன

ஹார்த்ஸ்டோன் பேட்டில்கிரவுண்ட்ஸிலும் கையிருப்பு பொதுவானதுதான். மேல்தட்டு வீரர்களுக்குப் பிரதிகள் குறைவு என்பதும் அதேபோலத்தான். ஆனால் அங்கே மூன்று பிரதிகள் சேர்ந்தால் தங்க வீரர். அதற்குமேல் படி இல்லை. காசும் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வரும். சேமிப்பும் வட்டியும் கிடையாது. மூன்றே போதும் என்பதால் ஒரே வீரரைப் பலர் தேடினாலும் நெருக்கடி மென்மையாக இருக்கும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஆட்டத்திலும் சில இனங்களை முழுவதுமாக நீக்கிவிடுகிறார்கள். எந்தக் கூட்டுப் பலன் இன்று சாத்தியம் என்பதே ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

2021இல் வந்த சூப்பர் ஆட்டோ பெட்ஸ் பொதுக் கையிருப்பை முழுவதுமாகக் கைவிட்டது. அதில் ஒவ்வொருவர் கடையும் தனி. எதிராளி அந்த நேரத்தில் ஆட்டத்தில் இருக்க வேண்டியதும் இல்லை. அவர் முன்பு கட்டிய அணியோடு உங்கள் அணி மோதும். அதனால் கடிகாரம் துரத்தாமல், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட நிதானமாக ஆடலாம். கூட்டுப் பலன்கள் அதிலும் நிறையவே உண்டு. ஆனால் எதிராளியின் பலகையைப் பார்த்து எண்ணும் வேலை அங்கே இல்லை. அவர் எதை வாங்கினாலும் உங்கள் கடைக்கு அது தெரியாது. நல்ல அணி எது என்று படித்துவிட்டு வந்து அதையே ஒவ்வொரு முறையும் துரத்துவதற்கு உங்களைத் தடுப்பவர் யாரும் இல்லை. பொதுக் கையிருப்பு என்ற விதி எதைக் கொடுக்கிறது என்பது அது இல்லாத இடத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஒரே அறையில் இருக்கும் எட்டுப் பேரை ஒருவருக்கொருவர் கவனிக்க வைக்கும் ஒரே விதி அதுதான்.

ஆகவே டீம்ஃபைட் டாக்டிக்ஸோ அதைப் போன்ற வேறொன்றோ ஆடத் தொடங்குகிறவர்கள், வலிமையான அணிகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதை ஒத்திவைக்கலாம். கையில் கிடைத்த வீரர்களில் யார் யாரோடு அடையாளம் பகிர்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ரோல் செய்வதற்கு முன் மற்ற ஏழு பலகைகளையும் பார்த்து, நட்சத்திரங்களைப் பிரதிகளாக மாற்றி எண்ணுங்கள். உங்கள் வீரரை இன்னும் இரண்டு பேர் தேடுகிறார்கள் என்று தெரிந்தால், கையில் காசு இருக்கும்போதே வேறு அணிக்கு மாறிவிடுங்கள்.